நாற்பது புத்தகங்களில் எதையெல்லாம் அச்சடிக்கலாம்?

"ஐயா, பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சாயங்காலம் 25 பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பாடப் புத்தகம் தவிர இவர்கள் வீட்டில் வேறு புத்தகம் இல்லை. டெலிகிராம் குழு ஒன்றில் ஆயிரக்கணக்கான பிடிஎஃப் கிடைக்கிறது. அதிலிருந்து 40 புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து, தருமபுரியில் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, செலவுக்கு மட்டும் பெற்றோரிடம் 60 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று இருந்தேன். கடைக்காரர், 'காப்பிரைட் பிரச்சினை வருமா?' என்று கேட்டுவிட்டார். 'நெட்டில் இருப்பது எல்லாருக்கும் பொது, அதுவும் படிப்புக்கு என்றால் கேஸே கிடையாது' என்கிறார் என் கொழுந்தனார். புத்தகப் பட்டியலை இணைத்திருக்கிறேன். என் தங்கை பி.எஸ்சி. கணிதம் முதலாம் ஆண்டு. அவளுக்கு ஒரு புள்ளியியல் புத்தகம் வேண்டும், விலை எங்களுக்குத் தாங்கவில்லை. வழி சொல்லுங்கள்."

— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். 40-இல் 22 புத்தகங்களை நீங்கள் தாராளமாக அச்சடிக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 11 புத்தகங்களை அச்சடிக்கவே கூடாது. மீதி 7 புத்தகங்களில், எந்தப் பதிப்பை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். ஆனால் அந்த 22-ஐயும்கூட டெலிகிராம் குழுவிலிருந்து எடுக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கொழுந்தனார் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். ஒரு புத்தகம் இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைப்பது ஒன்று. அதைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கும் உரிமை நமக்கு இருப்பது வேறொன்று. அரசுப் பாடநூல் பிடிஎஃப்பே இதற்கு உதாரணம். யாரும் இறக்கிப் படிக்கலாம், ஆனால் அதைக் கட்டுக்கட்டாக அச்சடித்து விற்க முடியாது, உரிமை அரசிடம் இருக்கிறது. நீங்கள் அச்சடிக்கப் போவதால் உங்களுக்கு இரண்டாவது உரிமையும் வேண்டும். அது இரண்டு வழிகளில்தான் வரும். ஒன்று, பதிப்புரிமைக் காலம் முடிந்தோ நாட்டுடைமை ஆகியோ புத்தகம் பொதுவுடைமைக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால், எழுதியவரே 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று உரிமம் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இறந்த ஆண்டோடு 60-ஐக் கூட்டுங்கள்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் உயிரோடிருந்தபோது வெளியான நூலுக்கு அவர் வாழ்நாளும், இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. கணக்கு சுலபம். இறந்த ஆண்டோடு 60-ஐக் கூட்டுங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை உரிமை, மறுநாளிலிருந்து பொது.

உங்கள் பட்டியலில் உள்ள கல்கியை எடுத்துக்கொள்வோம். அவர் 1954 டிசம்பரில் மறைந்தார். 60-ஐக் கூட்டினால் 2014. ஆக, 2015 ஜனவரி 1 முதல் அவர் எழுத்து எல்லாருக்கும் பொது. உண்மையில் நமக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து 1999-லேயே அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. இது தமிழுக்கு வாய்த்த பெரிய வசதி. 60 ஆண்டு முடியாத எழுத்தாளர்களிலும் பலர் இந்த வழியில் நமக்குப் பொதுவாகியிருக்கிறார்கள். அதனால் ஆண்டுக் கணக்கு இடிக்கிறதே என்று உடனே ஒரு பெயரை அடித்துவிடாதீர்கள். நாட்டுடைமைப் பட்டியலையும் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் tamilvu.org தளத்தில் எழுத்தாளர் பெயர்வாரியாக இருக்கிறது. அதே சமயம் 2015-இல் மறைந்த ஒருவரின் சிறுகதைத் தொகுப்பும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகாதவரை 2075 முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கல்கி விஷயத்தில் இன்னொரு சிறு எச்சரிக்கை. நாட்டுடைமை என்பது எழுதியவரின் எழுத்துக்குத்தான். தொடராக வந்தபோது வரைந்த படங்கள் ஓவியருடையவை. அந்த உரிமை ஓவியர் இறந்த ஆண்டிலிருந்து தனியாக ஓடும். ஆகவே படங்களோடு ஸ்கேன் செய்த பதிப்பை விட்டுவிட்டு, எழுத்து மட்டும் உள்ள பதிப்பை எடுங்கள்.

அப்புறம், பொன்னியின் செல்வனை ஜெராக்ஸ் எடுக்கும் யோசனையே வேண்டாம். ஐந்து பாகமும் சேர்ந்து 2,000 பக்கத்தைத் தாண்டும். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்தாலும் பைண்டிங் இல்லாமலே 2,000 ரூபாய் ஆகிவிடும். நாட்டுடைமை ஆன நூல் என்பதால் பல பதிப்பகங்கள் போட்டி போட்டுக்கொண்டு மலிவுப் பதிப்பு போடுகின்றன. புத்தகக் காட்சியில் அதைவிடக் குறைவாக, நல்ல கட்டமைப்போடு கிடைக்கும். மெல்லிய புத்தகங்களுக்குத்தான் ஜெராக்ஸ் கட்டுப்படியாகும்.

பழைய மூலம், புதிய உழைப்பு

மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன். வக்கீலாகப் பதிவு செய்த புதிதில், என் அம்மாவின் முதலாண்டு நினைவுக்காக உரையோடு ஒரு திருக்குறள் கையேடு 300 படி அச்சடித்தேன். குறள் இரண்டாயிரம் வருஷத்துச் சொத்து, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நான் எடுத்துப் போட்ட உரை அப்போது உயிரோடிருந்த ஒரு பேராசிரியருடையது. ஒரு மாதத்தில் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதி, கொடுக்காமல் மிச்சமிருந்த படிகளை ஒப்படைத்த பிறகுதான் விட்டார்கள். குறள் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் உரை எழுதியவருக்கு அவர் உரை சொந்தம். உங்கள் பட்டியலில் 14-ஆவதாக உள்ள குறள் புத்தகத்தில் இதே சிக்கல் இருக்கிறது. மூலத்தை மட்டும் எடுங்கள். உரை வேண்டுமென்றால் பரிமேலழகர் உரை எடுக்கலாம், ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கடினம். நாட்டுடைமையான ஓர் உரையாசிரியரின் எளிய உரையைத் தேடி எடுப்பது நல்லது.

பாரதியும் அப்படித்தான். அவர் 1921-இல் மறைந்தார், 1949-லேயே அரசு உரிமையை வாங்கிவிட்டது. கவிதைகளில் சிக்கலே இல்லை. ஆனால் நீங்கள் குறித்திருக்கும் பதிப்பில் 60 பக்க முன்னுரையும் கவிதைக்குக் கவிதை அடிக்குறிப்பும் இருக்கின்றன. அவை சமீபத்தில் எழுதப்பட்டவை. அவற்றை நீக்கிவிட்டால் புத்தகம் பொது.

ரஷ்ய மொழிபெயர்ப்புகள் மூன்று வைத்திருக்கிறீர்கள். டால்ஸ்டாய் 1910-இல் இறந்தார், மூலம் பொது. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பு சட்டத்தின் பார்வையில் ஒரு தனி நூல். மொழிபெயர்த்தவர் இறந்த ஆண்டிலிருந்து அதற்கு வேறு கணக்கு. 'சோவியத் கம்பெனியே போய்விட்டதே, இனி யார் கேட்பார்கள்?' என்று பலரும் நினைக்கிறார்கள். பதிப்பகம் மூடப்பட்டதால் உரிமை ஆவியாகிவிடாது. யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினமாகும். அந்தப் புத்தகங்கள் மீது நம் தலைமுறைக்கு இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. ஆனாலும் உரிமையாளர் தெரியாத புத்தகத்தை 25 படி அச்சடிக்கச் சொல்ல என்னால் முடியாது.

கடைசியாக, பிள்ளைகள் ஆங்கிலம் பழகட்டும் என்று சேர்த்திருக்கும் அகதா கிறிஸ்டியின் முதல் நாவல். அது குட்டன்பர்க் திட்டத்தின் gutenberg.org தளத்தில் இருப்பதால் பொது என்று எழுதியிருக்கிறீர்கள். குட்டன்பர்க் அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்து நூல்களைச் சேர்க்கிறது. அங்கே பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. 1920-இல் வந்த நாவல் அங்கே பொதுவாகிவிட்டது. இங்கே கணக்கு ஆசிரியர் இறந்ததிலிருந்து. கிறிஸ்டி 1976-இல் இறந்தார், எனவே இந்தியாவில் 2036 முடியும்வரை உரிமை இருக்கிறது. இதற்கு நேர் எதிரான உதாரணம் ஜார்ஜ் ஆர்வெல். 1950-இல் இறந்தார், இங்கே 2011 முதல் பொது. ஆனால் அவருடைய பிற்கால நாவல்கள் அமெரிக்காவில் இன்னும் உரிமைக்குள் இருப்பதால் குட்டன்பர்க்கின் அமெரிக்கத் தளத்தில் கிடைக்காது. ஆஸ்திரேலியப் பிரிவான gutenberg.net.au-வில் கிடைக்கும். ஆக, தளத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் அச்சடிப்பது தருமபுரியில், பொருந்துவது இந்தியச் சட்டம்.

படிப்புக்கு என்றால் வழக்கு வராதா?

கொழுந்தனார் இதைக் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. சட்டத்தின் 52-ஆம் பிரிவில், ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் படியெடுப்பது மீறல் ஆகாது என்று இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடத் தொகுப்புகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கடை மீது பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் மாணவர்கள் பக்கம் நின்றது. ஆனால் அந்த வழக்கில் பேசப்பட்டது பாடத்திட்டத்தில் உள்ள பகுதிகளின் தொகுப்பு. கற்பித்தலுக்கு அது தேவையா என்பதுதான் அளவுகோல். நீங்கள் கணக்கு வகுப்பில் ஒரு புத்தகத்தின் நாலு பக்கத்தைப் படியெடுத்துக் கொடுத்தால் நான் உங்களுக்காக இதே பிரிவைக் காட்டி வாதாடுவேன். ஒரு சிறுகதைத் தொகுப்பை அட்டை முதல் அட்டை வரை அடித்து 60 ரூபாய்க்குக் கொடுத்தால், அது கற்பித்தலின் போக்கு என்று நீதிபதியை நம்பவைப்பது கஷ்டம். டெல்லித் தீர்ப்பு நம் ஊர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யாது.

10-ஆம் வகுப்பு கைடுகள் நாலு போட்டிருக்கிறீர்கள். அவை கடையில் விற்பனையில் இருப்பவை, வாங்குவதும் இதே பிள்ளைகள்தான். அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

லாபம் வைக்கவில்லை என்பது உங்களுக்குச் சாதகம்தான். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதி இதைக் குறைக்கலாம். ஆனால் உங்களுக்கு இல்லாத லாபம் ஜெராக்ஸ் கடைக்கு இருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் நிலையில் உள்ள ஒருவர் வாரண்ட் இல்லாமலே படிகளைக் கைப்பற்றலாம். கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி, அவர்மேல் வருத்தப்படாதீர்கள்.

22-ஐ எங்கிருந்து எடுப்பது?

குழுவிலிருந்து வேண்டாம் என்றேனே, அதற்குக் காரணம் இதுதான். அங்கே வரும் கோப்பில் எந்த ஆண்டுப் பதிப்பு, யார் தட்டச்சு செய்தது, என்ன உரிமம் என்ற பக்கத்தைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். நாளை கேள்வி வந்தால் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. புத்தகம் என்று சொல்லி .apk என்று முடியும் கோப்பு வந்தால் திறக்கவே திறக்காதீர்கள். அது புத்தகம் அல்ல, போனில் ஏறி உட்காரும் செயலி.

பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம், projectmadurai.org. 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து சேர்த்தது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் யார் உழைத்தார்கள் என்று ஒரு பகுதி இருக்கும். அதை எடுக்காமல் அச்சடிக்க வேண்டும். எழுத்தாக இருக்கும் கோப்பு என்பதால் அளவு சிறியது, உங்கள் ஊர் சிக்னலிலும் இறங்கிவிடும். 14 புள்ளி எழுத்தாக மாற்றி அச்சடித்தால் சின்னப் பிள்ளைகளுக்கும் கண் வலிக்காது.

நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் tamildigitallibrary.in தளத்தில் கிடைக்கும். அவற்றில் பல தமிழ் விக்கிமூலத்திலும், அதாவது ta.wikisource.org-இல், எழுத்தாக மாற்றப்பட்டிருக்கின்றன. அங்கே அச்சடிக்கும் முன் பக்கங்களின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் இன்னும் மெய்ப்புப் பார்க்கவில்லை, கணினி ஸ்கேனிலிருந்து ஊகித்த எழுத்து அப்படியே இருக்கும். மஞ்சள் ஒருவர் சரிபார்த்தது, பச்சை இரண்டாவது ஆளும் பார்த்தது. சிவப்புப் பக்கங்களில் 'ன'வுக்கு 'ள', 'ர'வுக்குக் கால் என்று வந்து நிற்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை கையில் அதைக் கொடுத்தால் தப்பாகவே பதிந்துவிடும். பச்சையோ மஞ்சளோ மட்டும் எடுங்கள்.

உங்கள் 40-இல் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்றது ஒன்றுகூட இல்லை. அதற்கு storyweaver.org.in பாருங்கள். பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது, தமிழில் படக்கதைகள் நிறைய உண்டு, படிக்கும் திறனைப் பொறுத்து நாலு நிலையாகப் பிரித்திருப்பார்கள். உரிமம் CC BY, அதாவது எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரைப் போட்டால் போதும், அச்சடிக்கலாம். இங்கே படமும் சேர்த்தே உரிமம் தந்திருக்கிறார்கள். கடைசியில் வரும் பெயர்ப் பக்கங்களைத் தாள் மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். உரிமத்தின் ஒரே நிபந்தனை அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

இன்றைய எழுத்தாளர்கள் தாங்களே விரும்பிக் கொடுத்த நூல்கள் freetamilebooks.com-இல் உள்ளன. அங்கே புத்தகத்துக்குப் புத்தகம் உரிமம் மாறும். NC என்று இருந்தால் வணிகத்துக்குக் கூடாது, ND என்று இருந்தால் சுருக்கவோ மாற்றவோ கூடாது. archive.org-இல் மட்டும் கவனம். அங்கே யாரும் எதையும் ஏற்றலாம். புத்தகம் அங்கே இருப்பது உரிமைக்குச் சான்று ஆகாது, ஆண்டுக் கணக்கை நீங்களேதான் போட வேண்டும்.

தங்கையின் புள்ளியியல்

விலை கொடுத்து வாங்காமல் இதை முடித்துவிடலாம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் openstax.org-இல் Introductory Statistics என்ற பாடநூல் முழுதாக இருக்கிறது. திருட்டுப் படி அல்ல, பேராசிரியர்கள் எழுதித் திறந்த உரிமத்தில் கொடுத்தது. பதிவு செய்யாமலே பிடிஎஃப் இறக்கலாம். முன்னுரையில் உரிம வரி இருக்கும், உங்கள் கையில் உள்ள பதிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள். CC BY என்றால் பெயர் போட்டால் போதும். NC சேர்ந்திருந்தால் லாபம் வைக்கக் கூடாது. தங்கைக்கு ஒரு படி எடுக்க இரண்டுமே தடையில்லை.

முழுப் புத்தகத்தையும் அச்சடிக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மொத்தம் 13 அத்தியாயங்கள். நிகழ்தகவு 3-இல், ஈருறுப்புப் பரவலும் பாய்ஸானும் 4-இல், இயல்நிலைப் பரவல் 6-இல், ஒட்டுறவும் தொடர்புப் போக்கும் 12-இல். இந்த நாலு அத்தியாயம் போதும், ஒரு மெல்லிய ஸ்பைரலில் அடங்கும். இரண்டு குறைகளை அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கணக்குகளை ஒரு வகைக் கால்குலேட்டரில் செய்து காட்டுவார்கள், நம் தேர்வில் அட்டவணையைப் பார்த்துச் செய்ய வேண்டும். நுண்கணிதம் இல்லாமல் எழுதிய புத்தகம் என்பதால் மொமென்ட் ஜெனரேட்டிங் ஃபங்ஷன் அதில் கிடையாது. அந்தப் பகுதிக்கு இக்னோ பல்கலைக்கழகத்தின் பாடங்கள் உள்ள egyankosh.ac.in போகலாம். அவை இக்னோவின் உரிமை. அவள் படிக்கலாம், நீங்கள் அச்சடித்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

கடைக்காரரிடம் என்ன காட்டுவது?

அச்சடிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல் பக்கமாக ஒரு துண்டு போடுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், அவர் மறைந்த ஆண்டு அல்லது நாட்டுடைமையான ஆண்டு, எடுத்த தளத்தின் முகவரி, எடுத்த தேதி. உரிமத்தின் பேரில் எடுத்ததென்றால் அந்த உரிம வரி. பாரதிக்கு இப்படி வரும்:

"பாரதியார் கவிதைகள். ஆசிரியர் மறைவு 1921, நாட்டுடைமை 1949. மூலம்: projectmadurai.org. அச்சுச் செலவுக்கு மட்டும் பணம் பெறப்பட்டது."

தேதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் துண்டை எழுத முடியாத புத்தகம் எதுவோ, அதுதான் அச்சடிக்கக் கூடாத புத்தகம்.

விட்டுப்போன 11-இல் கைடுகளைத் தவிர்த்தால் ஏழு இருக்கின்றன. அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு உங்கள் கிளை நூலகத்துக்குப் போங்கள், இல்லாவிட்டால் தருமபுரி மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். அந்த மூன்று ரஷ்யப் புத்தகங்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. இந்தியாவில் விற்பனைக்கே கிடைக்காத புத்தகத்தை, லாபநோக்கில்லாத பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படி வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்கு இல்லாத அந்த உரிமை நூலகருக்கு இருக்கிறது. கோரிக்கையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், விற்பனையில் இல்லை என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.